புளிப்பின் கணக்கு: ஆட்டுக்கல்லிலிருந்து அட்டுவம்பட்டி வரை

இட்லி மாவைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் வகுப்பில் ஒரே சிரிப்பு. போன பதிவில் கம்பெனிச் சட்டம், இந்தப் பதிவில் இட்லியா என்று கேட்டார்கள். என்ன செய்வது, இந்த வலைப்பூவே ஒரு அவியல்தானே :-)

ஆனால் ஒன்று கேட்கிறேன். அட்டுவம்பட்டியில் டிசம்பர் மாதக் காலை 6 மணிக்கு ஒரு மெஸ்ஸில் சூடாக, பஞ்சு மாதிரி இட்லி கிடைக்கிறது. இரவெல்லாம் வெளியே 10 டிகிரிக்குப் பக்கத்தில் குளிர். நம் வீட்டிலோ அந்த மாவு மறுநாள் மத்தியானம் வரை கல்லு மாதிரி கிடக்கும். அவர்களுக்கு மட்டும் எப்படிப் புளிக்கிறது? இதற்குப் பதில் தேடிப் போனால் ஆயிரம் வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இட்லி என்ற பெயர் எழுத்தில் முதலில் தெரிவது கன்னடத்தில். சிவகோட்டியாச்சாரியார் சுமார் 920-இல் எழுதிய 'வட்டாராதனெ'யில் 'இட்டலிகெ' என்று வருகிறது. அதற்கு நூறு வருஷம் கழித்து, 1025 வாக்கில், இரண்டாம் சாவுண்டராயர் எழுதிய 'லோகோபகார'த்தில் செய்முறையே இருக்கிறது. உளுந்தை மோரில் ஊறவைத்து, நைசாக அரைத்து, தயிரின் தெளிந்த நீர் விட்டு, சீரகம், கொத்தமல்லி, மிளகு, பெருங்காயம் சேர்க்க வேண்டும். 1130-ஐ ஒட்டி சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த 'மானசோல்லாச'த்திலும் 'இட்டரிகா' உளுந்துப் பண்டம்தான்.

இதில் எதைக் காணோம் என்று பாருங்கள். அரிசி இல்லை. ராத்திரி முழுக்கப் புளிக்க வைப்பது இல்லை. ஆவியில் வேக வைப்பதும் இல்லை. உணவு வரலாற்றாசிரியர் கே.டி. ஆச்சய்யா இந்த மூன்றையும் சுட்டிக்காட்டி, இவை பிறகு வந்து சேர்ந்தவை, இந்தோனேசியத் தொடர்பால் வந்திருக்கலாம் என்று ஊகம் சொன்னார். அந்த இந்தோனேசிய ஊகத்தைப் பலர் ஏற்கவில்லை. எனக்கும் அது கொஞ்சம் நீட்டிய கதையாகத்தான் படுகிறது. ஆனால் அவர் சுட்டிய இடைவெளி உண்மையானது. சாவுண்டராயர் காலத்து இட்லியில் புளிப்பு வெளியிலிருந்து வந்தது, மோராகவும் தயிர்த் தண்ணீராகவும். நம் இட்லியில் புளிப்பு மாவுக்குள்ளிருந்தே வருகிறது. தயிரை அளந்து ஊற்றினால் புளிப்பு உங்கள் கையில். தானாகப் புளிக்க விட்டால் அது வெயிலின் கையிலும் குளிரின் கையிலும் போய்விடுகிறது. ஹோட்டல்காரனின் தலைவலி அன்றைக்குத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

(காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் இன்றைக்கும் மிளகு, சீரகம், சுக்கு போடுகிறார்கள். பழைய செய்முறையின் வாசனை அதில் கொஞ்சம் அடிக்கிறது. ருசி பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வீர்கள்.)

அடுத்த பெரிய மாற்றத்துக்கு நாம் கோயம்புத்தூர் போக வேண்டும். வீட்டில் நாலு பேருக்கு ஆட்டுக்கல்லில் ஆட்டுவது ஒரு வேலை. ஹோட்டலுக்கு ஆட்டுவது வேறு. குழவியைப் பிடித்து மணிக்கணக்கில் சுற்ற ஆள் வேண்டும், அந்த ஆள் களைத்தால் மாவும் களைத்துவிடும். கடைசி ஈடு உளுந்து சரியாக மசியாமல் போகும். 1955-இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் தலைகீழ். அடிக்கல்லோடு பாத்திரம் சுற்றும், குழவியை ஒரு இடத்தில் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். பிறகு கோவையில் அது ஒரு தொழிலாகவே வளர்ந்து, 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

மிச்சமானது கைவலி மட்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் உளுந்து ஒரே பக்குவத்தில் வரத் தொடங்கியது. அது ஏன் முக்கியம் என்று புரிய, மாவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதைப் பற்றிய முக்கியமான ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது என்றால் ஆச்சரியமாக இல்லையா? நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற ஊரிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் முகர்ஜி, பெடர்சன், ஸ்டைன்க்ராஸ் முதலியோர் இட்லி மாவை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்டார்கள். இவர்களில் பெடர்சன் முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் புளிக்க வைக்கும் ஜெர்மானிய ஊறுகாயில் பெரிய நிபுணர். அந்த முட்டைக்கோஸில் முதலில் வேலை செய்யும் 'லூகோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ்' என்ற பாக்டீரியாதான் நம் இட்லி மாவையும் பொங்க வைக்கிறது என்று கண்டார்கள். ஈஸ்ட் அவசியமில்லை. வெளியிலிருந்து எதையும் சேர்க்கவும் வேண்டாம், உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டு வருவதே போதும்.

இந்த லூகோநாஸ்டாக் வாயுவையும் விடுகிறது, புளிப்பையும் உண்டாக்குகிறது. அதன் பிறகு வரும் பாக்டீரியாக்கள் (அன்று 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்', 'பீடியோகாக்கஸ்' என்று பெயரிட்டார்கள்) பெரும்பாலும் புளிப்பை மட்டும் ஏற்றுகின்றன. ஆக, பொங்குவதும் புளிப்பதும் ஒன்று இல்லை. இரண்டும் ஒரே பாத்திரத்தில் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன. சமையல்காரரின் திறமை, பொங்கி முடித்து, புளிப்பு இன்னும் மிஞ்சாத அந்த நேரத்தில் மாவைப் பிடிப்பதில் இருக்கிறது.

சரி, வாயு உண்டானால் போதுமா? அது தப்பிக்காமல் பிடித்து வைக்க வேண்டாமா? மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் சுசீலம்மாவும் ராவும் 1970-களில் இதைப் பார்த்தார்கள். உளுந்தின் புரதம் நுரையை உண்டாக்குகிறது, உளுந்தின் அந்தக் கொழகொழப்பு (ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி) நுரை உடையாமல் தாங்குகிறது. அதனால்தான் உளுந்தை அரை மணி நேரத்துக்கும் மேலாக, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்கிறோம். காற்று உள்ளே ஏற வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும். அரிசியோ நேர் எதிர். ரவை மாதிரி கரகரப்பாக நிறுத்த வேண்டும், மையாகப் போனால் இட்லி பிசுபிசுக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த ஹோட்டல்களில் இரண்டையும் சேர்த்துப் போட்டு அரைப்பதில்லை.

இப்போது வெப்பத்துக்கு வருவோம். நாம் மலைக்காரர்கள், நமக்குத்தான் இந்தப் பகுதி.

30 டிகிரியை ஒட்டி மாவு இருந்தால் 8-லிருந்து 12 மணி நேரத்தில் தயார். கீழே மதுரையில் மே மாதம் மாவு 35-ஐத் தாண்டும். அப்போது புளிப்பு ஏற்றும் கூட்டம் முந்திக்கொள்கிறது. மாவு பொங்கிக் காட்டுவதற்குள் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அதனால் சமவெளியில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கிறார்கள், ஏனென்றால் கல்லின் உராய்விலேயே மாவு சூடாகிவிடும். பொங்கியதும் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம். பெரிய அண்டாவை அப்படியே குளிரில் வைத்தால் ஓரம் மட்டும் குளிரும். நடுவில் பல மணி நேரம் சூடு போகாமல் புளித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அகலமான, ஆழமில்லாத சின்னப் பாத்திரங்களில் பிரித்து வைக்க வேண்டும்.

நம் ஊரில் அதே அண்டாதான் நண்பன். மாவு மொத்தமாக இருந்தால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். வீட்டில் ஒரு கிலோ மாவு இரவு 10 மணிக்குள் அறையின் குளிருக்கு வந்துவிடுகிறது. மெஸ்ஸில் 11 கிலோ மாவு, சாக்குச் சுற்றி அடுப்பங்கரை ஓரம் வைத்தால், விடியும் வரை வெதுவெதுப்பைக் காக்கிறது. வீட்டில் புளிக்காததும் கடையில் புளிப்பதும் இந்த ஒரு காரணத்தால்தான் பெரும்பாலும்.

எங்கள் பக்கம் சின்ன மெஸ் நடத்தும் அக்கா ஒருவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். கேரட், பூண்டுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவரிடம் விடியற்காலையில் சாப்பிடுவார்கள். "காலைல மாவு பொங்கலன்னா அன்னைக்கு முதல் பஸ்ஸுக்குப் போறவங்க எல்லாம் வெறும் டீயோட போயிருவாங்க பாப்பா. மறுநாள் வேற கடைக்குப் போயிருவாங்க" என்றார். வணிகவியல் பாடத்தில் வாடிக்கையாளரைத் தக்கவைப்பது என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. அக்கா இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

அவருக்கு டிசம்பரில் ஒரு நாளைக்கு 200 இட்லி போக வேண்டும். ஒரு இட்லிக்கு 55 கிராம் மாவு என்றால் 11 கிலோ. இதற்கு 3.5 கிலோ இட்லி அரிசி, 900 கிராம் முழு உருட்டு உளுந்து. கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று. மதியம் 12 மணிக்கு ஊறப்போடுகிறார். உளுந்து 3 மணி நேரம், அரிசி அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

உளுந்தைச் சாதாரணத் தண்ணீரிலேயே அரைக்கிறார். சூடான தண்ணீர் விட்டால் உளுந்து நீர்த்துப்போய் நுரை நிற்காது என்பது அவர் அனுபவம். அரைத்து எடுக்கும்போது உராய்வுச் சூட்டில் அது 22 டிகிரியை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசியை மட்டும் கடைசியாக வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை கழுவி, அதே தண்ணீர் தெளித்து அரைக்கிறார். கை பொறுக்கும் சூடு, 45 டிகிரி இருக்கலாம். அதற்கு மேல் போகக் கூடாது. 60-ஐத் தாண்டினால் அரிசியின் மாவுச்சத்து வேகத் தொடங்கிக் கஞ்சியாகிவிடும்.

இனி என் கணக்கு. உளுந்து மாவு 3.6 கிலோ, 22 டிகிரி. அரிசி மாவு 7.4 கிலோ, 34 டிகிரி. 3.6-ஐ 22-ஆல் பெருக்கினால் சுமார் 79. 7.4-ஐ 34-ஆல் பெருக்கினால் சுமார் 252. கூட்டி 11-ஆல் வகுத்தால் 30. நம் பாடத்தில் வரும் எடையிட்ட சராசரிதான், வேறொன்றும் இல்லை! அக்கா தெர்மாமீட்டர் வைத்திருக்கவில்லை. கையை விட்டுக் கரைக்கும்போது "குளிரும் தெரியக் கூடாது, சூடும் தெரியக் கூடாது" என்கிறார். உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே என்று அர்த்தம்.

கையால் கரைப்பதால்தான் புளிக்கிறது என்று நம் பாட்டிகள் சொல்வது இன்னொரு விஷயம். பாக்டீரியா பருப்பிலேயே இருப்பதால் கை இல்லாமலும் புளிக்கும். ஆனால் நன்றாகக் கலக்க, சூடு தெரிந்துகொள்ள, கையைவிட நல்ல கருவி கிடையாது.

அடுத்து, முதல் நாள் மாவில் அரை கிலோ எடுத்து இதில் சேர்க்கிறார். உறை மோர் மாதிரி. முந்தின நாள் சரியாகப் பொங்கிய மாவாக இருக்க வேண்டும், நாலு நாள் பழைய புளித்த மாவு ஆகாது. மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள், காரணம் புரியும். பழைய மாவில் புளிப்பைத் தாங்கும் கூட்டம்தான் மிஞ்சியிருக்கும். அதைப் போட்டால் புதிய மாவு சீக்கிரம் புளிக்கும், ஆனால் பொங்காது. உப்பு சுமார் 110 கிராம், அதாவது மாவில் நூற்றுக்கு ஒன்று. சமவெளியில் கரைக்கும்போதே போட்டுவிடுவார்கள், அது வேகத்தைக் கொஞ்சம் அடக்கும். அக்கா குளிர்காலத்தில் காலையில்தான் போடுகிறார்.

அண்டா பாதிக்கு மேல் நிறையக் கூடாது. மாவு இரண்டு மடங்கு ஆகும். மாலை 5.30-க்குக் கரைத்து வைத்தால் விடியற்காலை 5-க்கு 11.5 மணி நேரம். நடுவே ஒரு முறை அண்டாவை அரைச் சுற்றுத் திருப்பி வைக்கிறார். அடுப்புப் பக்கம் இருந்த ஓரம் மட்டும் புளித்து, மறுபக்கம் பச்சையாக நிற்காமல் இருக்க.

காலையில் மூடியைத் திறந்ததும் நான்கைந்து விஷயங்களை ஒரே பார்வையில் பார்க்கிறார். மேல்பரப்பு லேசாகக் குவிந்திருந்தால் சரியான நேரம். நடுவில் பள்ளம் விழுந்து, ஓரத்தில் மாவு ஏறி இறங்கிய தடம் இருந்தால் பொங்கி முடிந்து இறங்கத் தொடங்கிவிட்டது, இனி புளிப்பு மட்டும்தான். கரண்டியால் அள்ளினால் உள்ளே வலை மாதிரி ஓட்டைகள் தெரிய வேண்டும். மோர் வாசம் வந்தால் நல்லது. பச்சை உளுந்து வாசம் வந்தால் இன்னும் ஆகவில்லை. கறுப்பு, ரோஸ் நிறப் பூசணமோ அழுகல் நாற்றமோ இருந்தால் யோசிக்காமல் கொட்ட வேண்டியதுதான். ஆராய்ச்சிக்கூடத்தில் இதையே பி.எச். அளவால் சொல்கிறார்கள். கரைக்கும்போது 6-ஐ ஒட்டி இருப்பது 4.5 பக்கம் வரும்போது நம் நாக்குக்குச் சரியாக இருக்கிறது. அதற்குக் கீழே போகப் போக முகம் சுளிக்கும்.

பொங்கிய மாவைக் கலக்கவே கூடாது. எல்லா வாயுவும் போய்விடும். உப்பைக் கூட ஓரமாகத் தூவி, அடியிலிருந்து இரண்டு முறை மடித்து விடுவதோடு நிறுத்துகிறார்.

மாவு சரியாக வந்தும் இங்கே இன்னொரு தடை இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆவியும் அதே சூடுதான். கீழே 10 நிமிஷத்தில் வேகும் இட்லி இங்கே 14, 15 நிமிஷம் கேட்கிறது. இதை அறியாமல் கீழிருந்து வரும் புது மாஸ்டர்கள் நேரத்துக்குத் தட்டை இறக்கிவிட்டு, நடுவில் பச்சையாக இருப்பதைப் பார்த்து மாவு சரியில்லை என்று சொல்லிவிடுவார்களாம். பாவம் மாவு.

அதிகமாகப் புளித்துவிட்டால் என்ன வழி? சோடா உப்புப் போடுகிறவர்கள் உண்டு. புளிப்பு தணியும், வாயுவும் வரும். ஆனால் கொஞ்சம் மிஞ்சினாலும் இட்லி மஞ்சளடித்து, சோப்பு வாசம் வரும். அதைவிட, அன்றைக்கு அரைத்த புளிக்காத மாவைக் கலந்து தோசைக்குத் திருப்புவது நல்லது. தோசைக்குப் பொங்கிய உயரம் தேவையில்லை, கொஞ்சம் புளிப்பு அழகுதான். அதையும் தாண்டினால் வெங்காயம், பச்சை மிளகாய் தூவி ஊத்தப்பம். ஹோட்டலில் திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் ஊத்தப்பம் என்று நாம் கிண்டல் செய்வது உண்மையில் நல்ல சரக்கு மேலாண்மை :-) முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் என்று நமக்கு நடத்தினார்களே, அது மாவில் கட்டாயம். பழைய மாவின் மேலேயே புது மாவை ஊற்றி வைக்கும் கடையில் எந்த நாளும் புளிப்பு ஒரே மாதிரி இருக்காது.

2005-இல் பெங்களூரில் ஐடி ஃபிரெஷ் நிறுவனம் தொடங்கி மாவைப் பாக்கெட்டில் விற்றபோதும், பிரச்சினை இதேதான். கடைக்குப் போகும் வழியெங்கும் குளிரில் வைத்தால்தான் பாக்கெட் உப்பாமல், மாவு புளிக்காமல் இருக்கும். அங்கே குளிருக்குச் செலவு செய்கிறார்கள். இங்கே அக்கா சூட்டுக்குச் செலவு செய்கிறார், விறகாகவும் சாக்காகவும்.

ஏப்ரல், மே சீசனில் அவர் கணக்கு மாறிவிடும். இட்லி மூன்று மடங்கு போகும், இரவும் அவ்வளவு குளிராது. அப்போது வெந்நீரை நிறுத்திவிடுகிறார், பழைய மாவைக் கால் கிலோவாகக் குறைக்கிறார், உப்பை மாலையிலேயே போட்டுவிடுகிறார். எந்தத் தேதியிலிருந்து மாற்றுவீர்கள் என்று கேட்டேன். "தேதியெல்லாம் கிடையாது பாப்பா. காலைல அண்டாவைத் தூக்கும்போது சாக்கு ஈரமா, சில்லுனு இருக்கற வரைக்கும் வெந்நீர்தான்" என்றார்.